அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களுக்கு: குழந்தை கஞ்சா மிட்டாயைத் தின்றுவிட்டால்

பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் இயங்கும் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். இந்த மடலை மாநகராட்சிக்கோ காவல்துறைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் விபத்து நடப்பது வீட்டுக்குள்ளே. அதில் குழந்தைக்கு நல்லது நடப்பதும் கெட்டது நடப்பதும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில், உங்கள் லிஃப்டிலும் கேட்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று வயதுகூட ஆகாத குழந்தைகள், பெரியவர்கள் யாரோ வைத்திருந்த கஞ்சா கலந்த மிட்டாயை, மிட்டாய் என்றே நினைத்துத் தின்றுவிடுவதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் இது இரண்டு வடிவத்தில் வருகிறது. ஒன்று, வடமாநிலங்களிலிருந்து வரும் கஞ்சா சாக்லேட், பாங் உருண்டை. காவல்துறை பிடித்ததாகச் செய்தியில் நீங்களே படித்திருப்பீர்கள். சாதாரணக் கலர் காகிதத்தில் சுற்றியிருக்கும். உள்ளே எவ்வளவு மருந்து என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரே பொட்டலத்தில் ஒரு துண்டில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கலாம். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் ஜெல்லி மிட்டாய், குக்கீ, சாக்லேட். கலிபோர்னியா மாதிரி இடங்களில் இவை கடையிலேயே சட்டப்படி கிடைக்கின்றன. போதை தரும் பொருளின் பெயர் டி.எச்.சி. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும், ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் என்பதும் உறையில் அச்சாகியிருக்கும். அங்கே ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 100 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச அளவு. அங்கே சட்டப்படி வாங்கியிருந்தாலும் இங்கே கொண்டுவருவதும் வைத்திருப்பதும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கடைசி விஷயம்தான் குழந்தையின் சிகிச்சைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பம் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டரை வயதுப் பெண் குழந்தை, எடை 12 கிலோ. தாய்மாமா அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அவருடைய முதுகுப்பை படுக்கையறையில் தரையில் கிடந்தது. அப்பா அம்மா இருவரும் வேலையில். பாட்டிதான் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ஐந்தரை வாக்கில் குழந்தை பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்திருக்கிறாள். பளபளவென்ற பாக்கெட், உள்ளே சர்க்கரை தூவிய சிவப்பு ஜெல்லி. பாட்டி அடுப்பிலிருந்து வந்து பார்க்கும்போது குழந்தை பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். சந்தேகப்பட எதுவும் இல்லை.

ஆறே முக்காலுக்கு பாட்டியிடம் நடந்து வரும்போது முழங்கால் மடங்கி இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். மதியம் தூங்கவில்லை, அந்த அசதி என்று பாட்டி நினைத்தார். ஏழரைக்கு ரசம் சாதம் ஊட்டினார். குழந்தை வாயைத் திறந்து வாங்கினாள், ஆனால் மெல்லவில்லை. சாதம் கன்னத்தில் அப்படியே ஒதுங்கி நின்றது. கண் சிவந்திருந்தது. பாட்டி கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். எட்டேகாலுக்கு அம்மா வீட்டுக்கு வந்து தூக்கியபோது கழுத்து நிற்கவில்லை. துவண்ட துணி மாதிரி தோளில் விழுந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை, காலில் கிள்ளினால் மட்டும் முனகினாள்.

ஒன்பது மணிக்கு எங்கள் கேஷுவாலிட்டியில். டியூட்டி டாக்டர் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா, கீழே விழுந்தாளா, வலிப்பு வந்ததா, வீட்டில் யாராவது சுகர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா, பூச்சி மருந்து ஏதாவது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில். அம்மாவும் பாட்டியும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. உடம்பு சூடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இதயத் துடிப்பு வேகம். காரணம் தெரியாமல் ஒரு குழந்தை நினைவிழந்து கிடந்தால் தலையில் ரத்தக்கசிவா, மூளைக்காய்ச்சலா என்று பார்த்தே ஆக வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்டார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுக்க அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது.

அப்போதுதான் மாமா என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். "சிஸ்டர், என் பையில இருந்த ஜெல்லில மூணு குறையுது" என்றார். எட்டரைக்கே, வீட்டிலிருந்து கிளம்பும்போதே, பையைத் திறந்து பார்த்திருக்கிறார். அக்காவிடம் சொல்லப் பயம், போலீஸ் வரும், பாஸ்போர்ட் போய்விடும் என்ற பயம். ஸ்கேனில் ஏதாவது தெரிந்துவிட்டால் தான் சொல்லவே தேவையில்லை என்று காத்திருந்திருக்கிறார்.

பாக்கெட்டை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம். மூன்று துண்டு என்றால் 30. குழந்தையின் எடை 12 கிலோ. ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் போயிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 1.7 மில்லிகிராமும் அதற்கு மேலும் போன குழந்தைகளுக்குப் பாதிப்பு கடுமையாகவும் நீண்டும் இருந்தது. முதல் முறை எடுக்கும் வளர்ந்த ஆளுக்கே இரண்டரை அல்லது ஐந்து மில்லிகிராமில் தொடங்கச் சொல்வார்கள். இந்தக் கணக்கைப் போட எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போடுவதை நிறுத்தினார்கள். குழந்தையை மானிட்டரில் போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நள்ளிரவு தாண்டி மூச்சு மெதுவானது. ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்தோம், மூச்சுக்குழாயில் டியூப் போடும் தட்டைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தோம். அது தேவைப்படவில்லை. மறுநாள் மதியம் கண் விழித்து அம்மாவைக் கேட்டாள். சாயங்காலம் வரை நடை தள்ளாட்டமாகத்தான் இருந்தது.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஊசி போட்டு முறிக்க முடியாது. மூச்சும் ரத்த ஓட்டமும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, உடம்பு அதைத் தானாக வெளியேற்றும்வரை காவல் இருப்பதுதான் சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகள் ஒரு நாளில், சிலர் ஒன்றரை நாளில், முழுதாகத் தேறிவிடுகிறார்கள். அப்படியானால் தாமதத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஸ்கேன் எடுக்கும்போது குழந்தை அசைந்தால் தூக்க ஊசி போடுவது உண்டு. ஏற்கெனவே மூச்சு மெதுவாகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, காரணம் தெரியாமல் இன்னொரு தூக்க மருந்து போனால் மூச்சே நின்றுபோகலாம். எங்களை நடுங்கவைப்பது அந்த ஒன்றுதான்.

சிறுநீரில் பரிசோதித்தால் தெரியாதா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். தெரியும். ஆனால் நினைவில்லாத குழந்தையிடமிருந்து சிறுநீர் எடுக்க வேண்டும், சோதனை அட்டை அந்த மருத்துவமனையில் இருக்க வேண்டும், முதலில் டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வர வேண்டும். வந்தாலும் எவ்வளவு சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்று அட்டை சொல்லாது. வீட்டில் இருப்பவர் சொல்லும் ஒரு வாக்கியம் அதைவிட வேகமானது, அதைவிடத் துல்லியமானது.

இனி, கவனிக்க வேண்டிய அறிகுறிகளைப் பற்றி. புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தெரியும். தின்றால் அப்படி இல்லை. வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாறி, அப்புறம்தான் மூளைக்குப் போகிறது. அதனால் தின்ற அரை மணி முதல் ஓரிரு மணி நேரம் வரை, சில நேரம் அதற்கு மேலும், குழந்தை நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கும். "சாப்பிட்டு ஒரு மணி நேரமாச்சு, ஒன்னும் ஆகல" என்பது நிம்மதி தரும் செய்தி அல்ல.

முதலில் தெரிவது நடை. நேற்றுவரை ஓடிய குழந்தை சுவரைப் பிடிக்கும், உட்காரும், பக்கவாட்டில் சாயும். அடுத்தது தூக்கம், அதுவும் தூங்கும் நேரமல்லாத நேரத்தில். தட்டினால் விழித்து எரிச்சலோடு அழும், உடனே மறுபடியும் சாயும். பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று சினிமாவில் பார்த்துவிட்டு அதை எதிர்பார்க்காதீர்கள். சின்னக் குழந்தைகளிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது சிரிப்பை அல்ல, துவளலைத்தான். கண் சிவந்து, கருவிழியின் நடுப்புள்ளி விரிந்து இருக்கலாம். வாந்தி வரலாம். கை கால் வெட்டி வெட்டி இழுக்கலாம். நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடிக்கும். காய்ச்சல் இல்லாமல் இப்படித் துவண்டால், சளி இல்லை, அடி இல்லை என்றால், "இது வாயில் என்ன போட்டது?" என்ற கேள்வி முதலில் வர வேண்டும். கஞ்சா என்று மட்டும் இல்லை, தாத்தாவின் சுகர் மாத்திரையாகவும் இருக்கலாம், கொசு விரட்டும் திரவமாகவும் இருக்கலாம். கேள்வி ஒன்றுதான்.

தட்டியும் எழவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மூச்சு விட்டு விட்டு வருகிறது, வலிப்பு வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே 108. தூங்கும் இரண்டு வயதுக் குழந்தையின் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் பொதுவாக 20 மூச்சுக்கு மேல் இருக்கும். அதற்குக் குறைந்தால் அந்த எண்ணிக்கையையும் ஃபோனில் சொல்லுங்கள்.

குழந்தை தின்றுவிட்டது என்று தெரிந்த நொடியில் வீட்டில் வழக்கமாக நடப்பது வேறு. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பார்கள். எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி கொடுப்பார்கள், தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார்கள். ஒன்றும் வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு விழுங்கும் அனிச்சை குறைந்துவிடும். வாயில் ஊற்றியதும், வாந்தியாக வருவதும் நுரையீரலுக்குப் போய்விடும். அந்தப் பாட்டி ஊட்டிய ரசம் சாதம் கன்னத்தில் நின்றதே, அது அதற்கான எச்சரிக்கைதான். அப்படி நின்றால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியும் சாதத்தை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு, குழந்தையை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெரியாத ஆழத்துக்கு விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.

குழந்தை நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி பின்னால் வருவதால், சில மணி நேரமாவது அவர்கள் கண்ணெதிரில் இருக்க வேண்டும். என்ன செய்வது என்று கேட்க, டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். கிளம்பும்போது கையில் எடுக்க வேண்டியது மீதி மிட்டாயும் உறையும். எத்தனை துண்டு இருந்தது, எத்தனை இருக்கிறது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள், எடை எவ்வளவு, இது போதும். எடை தெரியாவிட்டால் நாங்களே போட்டுக்கொள்வோம்.

சொந்தக் காரில் வருகிறீர்கள் என்றால் ஓட்டுபவர் தவிர இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மடியில் தலை முன்னால் கவிழ்ந்து தொங்கினால் மூச்சுப்பாதை அடைபடும். நம் சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் சாயங்காலம் மாட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நினைவில்லாத குழந்தையை அந்த நெரிசலில் காரில் கொண்டுவருவதைவிட, ஆக்ஸிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உள்ள 108 வண்டிக்குக் காத்திருப்பது நல்லது. பெயர் பெற்ற மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று அருகிலிருக்கும் மருத்துவமனையைத் தாண்டியும் போகாதீர்கள். முதலில் மூச்சைச் சரிசெய்யட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது போலீஸ் விஷயம். மறைக்காமல் சொல்கிறேன். எந்த நஞ்சு உடம்புக்குள் போனாலும், மண்ணெண்ணெயோ, எலி மருந்தோ, மாத்திரையோ, விபத்துப் பதிவேட்டில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனைகளின் வழக்கம். ஏ.ஆர். போடுவது என்பார்கள். கஞ்சாவுக்கும் அப்படித்தான். யாரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள் என்று உங்களுக்கு உறுதி கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் காகிதத்துக்காக சிகிச்சை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது. நாங்கள் கேட்பது "என்ன, எவ்வளவு, எப்போது" என்ற மூன்றைத்தான். யாருடைய பை என்பது எங்களுக்கு வேண்டாம். அந்த மாமா எட்டரைக்குச் சொல்லியிருந்தாலும் பதினொன்றுக்குச் சொன்னாலும் அவருடைய சட்டச் சிக்கல் ஒன்றேதான். குழந்தைக்குத்தான் அந்த இரண்டரை மணி நேரம் வேறாகிவிட்டது.

அமெரிக்காவின் நஞ்சுத் தகவல் மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இப்படித் தின்றதாக 2017இல் வந்த அழைப்புகள் 207. 2021இல் 3,054. பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்தவை. அங்கிருந்து பெட்டியோடு வரும் உறவினர்கள் நம் வீட்டில் தங்குகிறார்கள், நம் குழந்தைகள் அவர்கள் பையைத் திறக்கிறார்கள். இங்கே நடக்காது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது சிலவே. போதைப்பொருள் வைத்திருப்பவரைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அப்படி ஒரு அறிவிப்பு ஒட்டினால் உண்மையைச் சொல்ல நினைப்பவரும் வாயை மூடிக்கொள்வார். லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள். குழந்தை தெரியாத எதையாவது விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108, 1800 116 117, உறையை எடுத்துச் செல்லுங்கள், என்ன தின்றது என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். தமிழில் பெரிய எழுத்தில், ஏனென்றால் பகலில் குழந்தையோடு இருப்பவர் பாட்டியும் வேலைக்கு வரும் அக்காவும்தான்.

அந்த அக்காவிடம் தனியாகவும் பேசுங்கள். பெரியவர்கள் அறையில் ஒரு பாக்கெட்டைப் பார்த்தேன் என்றோ, குழந்தை வாயில் ஏதோ போட்டது என்றோ சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். உங்கள் வளாகத்துக்குள்ளே இயங்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் இதையே சொல்லுங்கள். மதியத் தூக்கத்திலிருந்து ஒரு குழந்தை எழாவிட்டால் அப்பா அம்மா வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெளிநாட்டு விருந்தாளி வரும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பையைப் பூட்டி லாஃப்டில் வைக்கச் சொல்லுங்கள். அலமாரியின் மேல் தட்டு போதாது, இரண்டரை வயதுக்கு நாற்காலி இழுக்கத் தெரியும். மொட்டை மாடியிலோ பார்ட்டி ஹாலிலோ சனிக்கிழமை இரவு விருந்து நடந்தால், குழந்தைகள் ஞாயிறு காலை அங்கே விளையாட வருமுன் தட்டுகளையும் சோஃபா இடுக்குகளையும் யாராவது ஒருவர் பார்த்துச் சுத்தம் செய்யட்டும்.

கடைசியாக, உங்கள் வாட்ச்மேன்களுக்கு. 108 வந்தால் பதிவேட்டில் எழுதச் சொல்லி நிறுத்தக் கூடாது. கேட்டைத் திறந்து, ஒருவர் முன்னால் ஓடி எந்தப் பிளாக் என்று காட்ட, இன்னொருவர் ஸ்ட்ரெச்சர் போகும் அளவுள்ள சர்வீஸ் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதை ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். தாளில் என்ன எழுதுவது, காப்பகத்தில் எப்படிப் பேசுவது என்று உதவி வேண்டுமானால், என் டியூட்டி இல்லாத நாளில் நானே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
சென்னை